ஏர்கன் குண்டின் வேகம் நொடிக்கு 7.5 மீட்டரா? பாலிஸ்டிக் ஊசல் கணக்கில் எங்கே இடிக்கிறது?

நீடா_ப்ளஸ்ஒன் | 3 மார்ச், இரவு 8.50

நீடாமங்கலத்துல இருந்து எழுதுறேன். சித்தப்பா போட்டிக்குப் போற 4.5 மிமீ ஏர்கன். அவரே சுட்டாரு, நான் அளந்தேன். சின்ன சதுரத் தகர டப்பால வாய்க்கால் களிமண்ண அடைச்சு 1 மீட்டர் நூல்ல தொங்க விட்டோம். டப்பாவும் மண்ணும் சேர்ந்து 250 கிராம். குண்டு 0.53 கிராம். நூறு குண்ட நகைக்கடைத் தராசுல ஒண்ணா போட்டு, வந்தத நூறால வகுத்தோம். குண்டு மண்ணுக்குள்ள போய் உக்காந்துக்குது, டப்பா பின்னாடி போய் மேல ஏறுது. ஏறுன உயரம் சுமார் 6 மிமீ.

ஆற்றல் அழியாதுன்னுதானே பாடம்? ½mv² = (M+m)gh போட்டேன். v = 7.5 மீ/நொடி வருது. துப்பாக்கியோட வந்த சீட்டுல நொடிக்கு 500 அடி, அதாவது 152 மீட்டர்னு இருக்கு. எங்க தப்பு?

திருவாரூர்_தேர் | 3 மார்ச், இரவு 9.15

7.5 மீட்டர்னா மணிக்கு 27 கிலோமீட்டர். எங்க தெரு பால்காரர் மொபெட் அதைவிட வேகமாப் போகும். சீட்டுல பொய் போட்டிருக்கான், கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடு தம்பி.

வெட்டாறு | 3 மார்ச், இரவு 9.40

சீட்டில் பொய் இல்லை. தம்பி போட்ட சமன்பாட்டில்தான் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

நடப்பது இரண்டு தனித்தனி நிகழ்ச்சி. முதலாவது, குண்டு மண்ணில் புகுந்து டப்பாவோடு ஒன்றாவது. இது முழு மீட்சியற்ற மோதல். இதில் உந்தம்தான் கணக்கு, இயக்க ஆற்றலைத் தொடவே கூடாது. இரண்டாவது, ஒன்றான டப்பா ஊசலாக மேலே ஏறுவது. இங்கே மண் குழைவது, சூடாவது எல்லாம் முடிந்துவிட்டதால் ஆற்றல் மாறாக் கணக்கு செல்லும். எனவே கடைசியிலிருந்து பின்னோக்கி வா.

6 மிமீ ஏற டப்பாவுக்கு என்ன வேகம் வேண்டும்? V = √(2 × 9.8 × 0.006) = 0.343 மீ/நொடி.
அந்த வேகத்தைக் கொடுத்த குண்டு? v = (250.53 / 0.53) × 0.343 = 472.7 × 0.343 ≈ 162 மீ/நொடி.

மொபெட் வேகம் எப்படி வந்தது என்றும் பார்த்துவிடு. 162-இல் வரும் குண்டிடம் 6.9 ஜூல் இருக்கிறது. மோதல் முடிந்ததும் டப்பாவிடம் இருப்பது 0.0147 ஜூல். மிஞ்சும் பங்கு m/(M+m), உன் கணக்கில் ஆயிரத்தில் இரண்டு. மீதியெல்லாம் மண்ணைக் கிழிப்பதிலும் ஈயத்தை நசுக்குவதிலும் வெப்பமாகப் போய்விட்டது. அந்த 6.9 ஜூல் முழுவதும் ஈயத்துக்குள்ளேயே தங்கினால் குண்டு ஏறத்தாழ 100 டிகிரி சூடேறும். மண்ணும் பங்கு வாங்கிக்கொள்வதால் அவ்வளவு வராது. நீ மிஞ்சிய சில்லறையை மட்டும் எண்ணி, அதுவே முழுப் பணம் என்று வைத்துக்கொண்டாய்.

பாபநாசம்காரர் | 4 மார்ச், காலை 6.30

வெட்டாறு சார், ஆற்றல் மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உந்தம் மட்டும் மாறாது என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? வெளிவிசை இல்லாவிட்டால்தான் உந்தம் மாறாது. இங்கே நூல் இழுக்கிறது, பூமி இழுக்கிறது. டப்பா மேலே போய் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே உந்தம் சுழியம். ஆக, இரண்டு விதியுமே இங்கே பொருந்தாது. ஏதோ தோராயத்தை வைத்துக் கணக்கை ஒப்பேற்றுகிறோம்.

வெட்டாறு | 4 மார்ச், காலை 7.20

பாதி சரி. டப்பா ஏறும்போது உந்தம் மாறத்தான் செய்கிறது. அதனால்தான் அந்தப் பகுதியில் உந்தத்தைப் பயன்படுத்தவில்லை. மோதல் நடக்கும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். அந்த நேரம் எவ்வளவு என்று பாருங்கள்.

குண்டு மண்ணில் 1.5 செ.மீ. புகுந்து நிற்பதாக வைப்போம். உள்ளே அதன் சராசரி வேகம் நொடிக்கு 80 மீட்டர் அளவில் இருக்கும். நிற்க ஆகும் நேரம் 0.015 / 80, அதாவது 0.19 மில்லிநொடி. அதற்குள் டப்பா நகர்வது 0.03 மிமீ. ஒரு மீட்டர் நூல் 0.03 மிமீ சாய்ந்தால் அதில் பிறக்கும் கிடைமட்ட இழுவை 2.45 நியூட்டன் எடையில் லட்சத்தில் மூன்று பங்கு. அதே நேரத்தில் குண்டு மண்ணைத் தள்ளும் சராசரி விசை ஏறத்தாழ 450 நியூட்டன். தோராயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிழை கோடியில் சில பங்கு. அதற்கு முன் உங்கள் அளவுகோல் லட்சம் மடங்கு பெரிய பிழை தரும்.

பூமியின் இழுவையும் நூலின் இழுவையும் அப்போது செங்குத்தாக இருப்பவை. கிடைமட்ட உந்தத்தில் அவற்றுக்குப் பங்கே இல்லை.

பாபநாசம்காரர் | 4 மார்ச், காலை 7.45

நூலுக்குச் சரி. நூலுக்குப் பதில் இரும்புத் தண்டும் கீலும் இருந்தால்? கீல் பக்கவாட்டிலும் இழுக்கும், தள்ளும்.

வெட்டாறு | 4 மார்ச், காலை 8.05

அங்கே நீங்கள் சொல்வது சரி. கீல் தரும் கணத்தாக்கு சிறியதல்ல, ஒதுக்க முடியாது. தண்டு வகைக்கு உந்தத்தை விட்டுவிட்டு, கீலை மையமாகக் கொண்ட கோண உந்தத்தைத்தான் எடுக்க வேண்டும்.

லேப்_சரவணன் | 4 மார்ச், மதியம் 1.10

எங்க பாலிடெக்னிக்ல தண்டு வகைதான் இருக்கு. சுருள்வில் துப்பாக்கி, எஃகு உருண்டை, உருண்டையப் பிடிச்சுக்குற கூடு, கூடு ஏறி நிக்க பல்சட்டம். வருஷா வருஷம் ஒரே புகார்: ஊசல் கணக்குல 5.4 மீ/நொடி வரும், அதே துப்பாக்கிய மேசை மேல இருந்து கிடைமட்டமா சுட்டு விழுற தூரத்த அளந்தா 5.0 வரும். பசங்க உராய்வுன்னு எழுதிட்டுப் போயிடுவானுங்க. உராய்வு இருந்தா ஊசல் கணக்கு குறையணுமே, கூடுதே?

வெட்டாறு | 4 மார்ச், இரவு 9.00

கேள்வியிலேயே துப்பு இருக்கிறது. கூடுவதற்குக் காரணம், தண்டு ஊசலை நூல் ஊசலாக நினைத்துக் கணக்குப் போடுவது. உங்கள் கருவியில் மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள்: கீலிலிருந்து உருண்டை உட்காரும் இடம்வரை (d), உருண்டையோடு சேர்த்து நிறை மையம்வரை (R), உருண்டையோடு ஆடும் அலைவுக் காலம் (T). நிறை மையத்தைக் கண்டுபிடிக்கத் தண்டைக் கழற்றிக் கத்தி விளிம்பில் நிறுத்திப் பார்த்தால் போதும். T-க்குச் சிறிய வீச்சில் 10 ஆட்டம் எடுங்கள், வீச்சு 5 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

லேப்_சரவணன் | 5 மார்ச், மாலை 4.30

d = 30 செ.மீ., R = 27 செ.மீ. 10 ஆட்டம் 10.8 நொடி.

வெட்டாறு | 5 மார்ச், இரவு 8.15

T = 1.08. சுழற்சி ஆரம் k என்றால் k² = gRT²/4π² = 9.8 × 0.27 × 1.166 / 39.48 = 0.0782. k = 0.2796 மீ. எளிய கணக்கில் வந்த வேகத்தை k/d-ஆல் பெருக்க வேண்டும். 0.2796/0.30 = 0.932. அப்படியானால் 5.4 × 0.932 = 5.03.

விழும் தூரத்தில் வந்த 5.0-உடன் ஒட்டிவிட்டது. நிலைமத் திருப்புத்திறனைத் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை, அதை அலைவுக் காலமே சொல்லிவிடும்.

பல்சட்டத்தின் உராய்வையும் சோதித்துவிடுங்கள். முதல் தடவை சுட்டு எந்தப் பல்லில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த தடவை ஊசலை அதற்கு இரண்டு மூன்று பல் கீழே மாட்டி வைக்காதீர்கள், மோதும்போது ஊசல் அசையாமல் செங்குத்தாகத் தொங்க வேண்டும். அதற்குப் பதில் பல்சட்டத்தின் கீழ்ப்பாதியை வழவழப்பான நாடாவால் மூடிச் சுடுங்கள். ஒரு பல் மேலே போனால், முன்பு உராய்வு அவ்வளவு தின்றிருக்கிறது.

திருவாரூர்_தேர் | 5 மார்ச், இரவு 9.30

நடுவுல ஒரு கேள்வி. எங்க ஊர்த் திருவிழா அதிர்வேட்டு இருக்கே, அதோட வேகத்த இப்படி அளக்கலாமா?

வெட்டாறு | 5 மார்ச், இரவு 9.42

அதிர்வேட்டில் குண்டு ஏது? வெறும் சத்தமும் புகையும்தான். ஊசல் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது. ஏர்கன் வாயிலிருந்து குண்டுக்குப் பின்னால் காற்றும் பீறிட்டு வரும். டப்பா துப்பாக்கி வாய்க்கு மிக அருகில் இருந்தால் அந்தக் காற்றும் அதைத் தள்ளி வேகத்தைக் கூட்டிக் காட்டும். தம்பி, எவ்வளவு தூரத்தில் வைத்தீர்கள்?

நீடா_ப்ளஸ்ஒன் | 6 மார்ச், மாலை 6.00

அரை மீட்டர். குறி தப்பிடுமோன்னு கிட்டக்க வெச்சோம்.

வெட்டாறு | 6 மார்ச், இரவு 8.20

ஒன்றரை மீட்டருக்குத் தள்ளு. இடையில் கெட்டி அட்டை ஒன்றை நிறுத்தி, நடுவில் விரல் நுழையும் அளவு ஓட்டை போடு. குண்டு ஓட்டை வழியாகப் போகும், காற்று அட்டையில் மோதிச் சிதறும். குண்டில்லாமல் வெறும் காற்றை மட்டும் சுட்டு சோதிக்கலாம் என்று தோன்றும், அது வேண்டாம். சுருள்வில் ஏர்கனை வெறுமனே சுட்டால் உள்ளே பிஸ்டன் அடிபட்டுப் போகும். டப்பாவுக்குப் பின்னால் கெட்டிப் பலகை, அதற்குப் பின்னால் செங்கல் சுவர், சுடுபவருக்கும் பார்ப்பவருக்கும் கண்ணாடி. மின்விசிறியை நிறுத்திவிடு.

இன்னும் பெரிய விஷயம் நீ அளந்த உயரம். 6 மிமீ உயரத்தில் 1 மிமீ தவறினால் வேகத்தில் 8 சதவீதம் போய்விடும். உயரத்தை அளக்கவே அளக்காதே. டப்பா பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போனது என்று அளந்தால் அது 11 செ.மீ. கிட்ட வரும். அதில் 1 மிமீ தவறினால் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். சாய்வு 6 டிகிரிதான் என்பதால் வேகத்துக்கு இப்படி எழுதலாம்:

V = 2π x / T

x என்பது பக்கவாட்டு நகர்வு, T அலைவுக் காலம். நூலின் நீளம்கூடத் தேவையில்லை. நான்கு மூலையில் நான்கு இணை நூல் கட்டித் தொங்கவிட்டால் டப்பா சாயாமல் அப்படியே நகரும். அப்போது கணக்கில் வரும் நீளம் நூலின் நீளம்தான், டப்பாவின் நடுவரை அல்ல. பலர் அங்கே 3 செ.மீ. சேர்த்துவிடுவார்கள். T-ஐ அளந்தால் அந்தத் தொல்லையே இல்லை.

பாபநாசம்காரர் | 7 மார்ச், காலை 6.10

நான்கு நூல் எதற்கு என்று நான் சொல்கிறேன். ஒற்றை நூலில் குண்டு நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் டப்பா பம்பரமாகச் சுழலும். சுழற்சிக்கு ஆற்றல் போய்விடும், ஏறுவது குறையும், வேகம் குறைத்துக் காட்டும்.

வெட்டாறு | 7 மார்ச், காலை 7.00

நான்கு நூல் நல்லதுதான், ஆனால் காரணம் அதுவல்ல. 6 செ.மீ. சதுர டப்பாவில் நடுவிலிருந்து 2 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப் பட்டால் டப்பா நொடிக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று சுழலும். அதற்கு 10 மில்லிஜூல் வேண்டும். ஊசலாட்டத்தின் ஆற்றலே 15 மில்லிஜூல்தான். ஆனாலும் டப்பா பின்னால் போகும் தூரம் குறையாது. நிறை மையத்தின் வேகத்தை முடிவு செய்வது உந்தம் மட்டுமே, குண்டு எங்கே பட்டாலும் அது அதே mv. சுழற்சிக்கான 10 மில்லிஜூல் வெப்பமாகப் போகவேண்டிய 6.9 ஜூலிலிருந்து எடுக்கப்படுகிறது.

தொல்லை அளப்பதில் வருகிறது. சுழலும் டப்பாவின் எந்த மூலையைப் பார்த்து x எடுப்பீர்கள்? குண்டு நடுவுக்கு மேலேயோ கீழேயோ பட்டால் இன்னும் மோசம். டப்பா முன்னும் பின்னும் தலையாட்டும், அந்த ஆட்டம் நூல் வழியாக ஊசலாட்டத்தோடு கலந்துவிடும். நான்கு நூல் இந்த இரண்டையும் அடக்குகிறது.

பாபநாசம்காரர் | 7 மார்ச், காலை 7.25

கேட்க நம்ப முடியவில்லை. மாலையில் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

லேப்_சரவணன் | 7 மார்ச், மாலை 5.15

இந்த ஊசலைக் கொண்டுவந்த பெஞ்சமின் ராபின்ஸ் 1742-ல புத்தகம் போட்டாரு. 1745-லயே ஆய்லர் அத ஜெர்மன்ல பெயர்த்து, கூடவே தன் குறிப்பையும் நீளமா சேர்த்தாரு. ராபின்ஸ் வெச்சது இரும்புச் சட்டத்துல மரப்பலகை, அதாவது தண்டு வகை. ஊசலோட அடியில ஒரு ரிப்பன் கட்டி, அது எவ்வளவு இழுபடுதுன்னு பாத்தாரு. உயரத்த அளக்கல. வெட்டாறு சார் x-ஐ அளக்கச் சொல்றதும் அதே வழிதான். மஸ்கட் குண்டுக்கு நொடிக்கு 1,600 அடிக்கு மேல வந்துச்சு.

கடைசியில அந்த மனுஷன் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கட்ற பொறியாளரா வந்து, 1751-ல கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில செத்துப் போனாரு. கொள்ளிடம் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம்தான்.

திருவாரூர்_தேர் | 7 மார்ச், இரவு 8.00

அடடே, தேவனாம்பட்டினம் போறப்ப எட்டிப் பாக்கணும்.

நீடா_ப்ளஸ்ஒன் | 10 மார்ச், இரவு 9.10

எல்லாத்தையும் மாத்தியாச்சு. நாலு நூல், ஒன்றரை மீட்டர், ஓட்டை போட்ட அட்டை. x-ஐ போன் ஸ்லோமோஷன்ல எடுத்தேன், பின்னாடி அளவுகோல் ஒட்டியிருக்கு. 10 ஆட்டம் 20.06 நொடி.

காலைல x சராசரி 10.7 செ.மீ. V = 6.283 × 0.107 / 2.006 = 0.335. v = 158 மீ/நொடி. மத்தியானம் வெயில்ல அதே டப்பா, அதே துப்பாக்கி, x = 11.2. v = 166. காலைக்கும் மத்தியானத்துக்கும் 5% வித்தியாசம். எப்படி?

வெட்டாறு | 10 மார்ச், இரவு 9.45

1 மிமீக்கு நொடிக்கு ஒன்றரை மீட்டர் என்று கணக்கு. 5 மிமீ வித்தியாசம் கண்ணின் தவறாக இருக்காது. போனை அளவுகோலுக்கு நேராக, எட்டி வைத்திருந்தாயா? பக்கத்தில் வைத்துச் சாய்வாகப் பார்த்தால் அதுவே 2, 3 மிமீ தின்னும்.

அது சரியாக இருந்தால் என் சந்தேகம் களிமண் மேல். காலையில் ஈரம், மதியம் மேற்புறம் காய்ந்து ஓடு கட்டியிருக்கும். குண்டு புகும்போது ஓடு உடைந்து துண்டுகள் சுட்ட பக்கமாகவே தெறிக்கும். பின்னால் தெறிக்கும் மண் டப்பாவை முன்னால் தள்ளும், x கூடும். குண்டே துள்ளித் திரும்பினாலும் அப்படித்தான். டப்பாவைத் துளைத்து வெளியே போனால் மட்டும் x குறையும். ஆக, கூடினால் தெறிப்பு, குறைந்தால் துளைப்பு என்று முதலில் பிரித்துக்கொள்.

சோதிக்க வழி: சுடும் முன்பும் பின்பும் டப்பாவை 0.01 கிராம் தராசில் நிறு. 0.53 கூட வேண்டும். குறைவாகக் கூடினால் அந்தக் குறைவுதான் தெறித்த மண். காய்வதால் M-உம் மாறும், ஒவ்வொரு முறையும் நிறுத்தே ஆக வேண்டும்.

சாமிமலை_பட்டறை | 11 மார்ச், காலை 10.00

வண்டல் மண் காயத்தான் செய்யும், ஓரத்துல விரிசலும் விடும். நாங்க அச்சுக்குப் பூசுறப்ப பாக்குறதுதான். மெழுகும் குங்கிலியமும் காய்ச்சிக் கடலை எண்ணெய் விட்டு ஊத்திப் பாருங்க. எண்ணெய் கூட விட்டா மெத்துன்னு நிக்கும், எடையும் குறையாது. வெயில்ல இளகும், அத மட்டும் பாத்துக்கங்க.

லேப்_சரவணன் | 11 மார்ச், மதியம் 12.40

இது நல்ல யோசனை. ஆனா காலைக் குளிர்ல மெழுகு இறுகி, அப்பவும் சில்லு தெறிக்கலாம். கட்டைவிரல வெச்சு அழுத்துனா பள்ளம் விழணும், அந்தப் பதத்துல வெச்சு சுடுங்க.

நீடா_ப்ளஸ்ஒன் | 15 மார்ச், மாலை 7.20

மெழுகு இன்னும் கிடைக்கல. மண்ணுலயே பாத்தேன். போன் நேராத்தான் இருக்கு. மத்தியானம் சுட்ட பிறகு டப்பா 0.53-க்குப் பதிலா 0.40 கிராம்தான் கூடுது. தரையில விரிச்ச வெள்ளைத்தாள்ல மண் துணுக்கு விழுந்திருக்கு, எல்லாம் சுட்ட பக்கம்தான். பழைய வேட்டித் துணி ஒரு சுற்று போட்டு டப்பா வாய மூடிட்டு சுட்டேன். துணுக்கு வெளிய வரல, முழுசா 0.53 கூடுது. மத்தியான x 10.9, 11.0-ன்னு இறங்கிடுச்சு. v = 162. காலைல துணி போட்டாலும் போடாட்டியும் 158-தான்.

வெட்டாறு | 15 மார்ச், இரவு 8.50

0.13 கிராம் மண் நொடிக்கு 20 மீட்டரில் பின்னால் போனால் 0.0026 உந்தம். குண்டின் உந்தம் 0.085. 3 சதவீதம் வருகிறது. தெறிப்பின் வேகம் நான் ஊகித்தது, அது கொஞ்சம் குறைவாக இருந்தாலும் உன் 166 → 162 இறக்கத்தோடு ஒத்துப்போகும். மிச்சம் 158-க்கும் 162-க்கும் இடையே உள்ளது தெறிப்பால் வந்ததல்ல.

பாபநாசம்காரர் | 15 மார்ச், இரவு 9.30

அது துப்பாக்கியேதான். வெயிலில் பிஸ்டன் கிரீஸ் இளகும், வேகம் கூடும். (சுழற்சி விஷயம் காகிதத்தில் போட்டேன். சரியாகத்தான் வருகிறது.)

வெட்டாறு | 15 மார்ச், இரவு 9.50

இருக்கலாம். அப்படியானால் ஊசல் அளப்பது உண்மையான மாற்றம், பிழையே அல்ல. ஆனால் ஒரே நேரத்தில் சுட்ட குண்டுகளுக்குள்ளேயே தம்பிக்கு எவ்வளவு சிதறல் என்று தெரியாமல் நான் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீடா_ப்ளஸ்ஒன் | 15 மார்ச், இரவு 10.05

ஒவ்வொரு தடவையும் 3 மீ/நொடி மேல கீழ ஆடுது சார்.

லேப்_சரவணன் | 16 மார்ச், காலை 9.15

சித்தப்பாகிட்ட சொல்லி இப்படி செய்ங்க: டப்பாவ நிழல்லயே வெச்சு, துப்பாக்கிய மட்டும் ஒரு தடவை நிழல்ல, ஒரு தடவை வெயில்ல அரை மணி நேரம் வெச்சுட்டு மாத்தி மாத்தி சுடணும். டப்பா வாய்ல துணி கட்டியே இருக்கட்டும், ஒவ்வொரு குண்டுக்கும் M புதுசா நிறுக்கணும். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினஞ்சு குண்டாவது வேணும், இல்லன்னா 3 ஆடுறதுக்குள்ள 4 எங்க இருக்குன்னு தெரியாது.